அத்தியாயம் 6: சேஃப்டி ஆபீசர் நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகள், புதியவர் சொல்லவேண்டிய பதில்கள்

காஞ்சிபுரத்து ஓரிக்கையிலிருந்து காலை ஷிப்டுக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்கள் வாலாஜாபாத் வழியாக ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகின்றன. பட்டுத்தறி வீட்டிலிருந்து படித்து வந்த பையன்களும் பெண்களும் அந்த ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ முடித்த கையோடு, ஆலை அனுபவம் இல்லாமல் நேர்காணலுக்குப் போகிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் பதவியின் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவு, 1000 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் ஆலைகளில் சேஃப்டி ஆபீசர் இருக்கவேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 500 ஆகவும், அபாயகரமான செய்முறை நடக்கும் ஆலைகளுக்கு 250 ஆகவும் குறைத்திருக்கிறது. ஆனால் சட்டப்படி நியமிக்கப்படும் அந்த நாற்காலியில் புதியவர் உட்கார முடியாது. பொறியியல் பட்டதாரியானாலும் ஆலையில் மேற்பார்வைப் பொறுப்பில் குறைந்தது 2 ஆண்டு இருந்திருக்கவேண்டும் என்பதே பொதுவான விதி. டிப்ளமோ படித்தவருக்கு அது 5 ஆண்டு. அதனால் விளம்பரத்தில் 'சேஃப்டி ஆபீசர், ஃபிரெஷர்' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் ட்ரெய்னி அல்லது உதவியாளர் வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் "நான்தான் ஆபீசராக இருப்பேன்" என்று பேசுகிறவரை எதிரே இருப்பவர்கள் முதல் நிமிடத்திலேயே எடைபோட்டுவிடுவார்கள்.

"உங்கள் ஊரில் பார்த்த ஒரு ஆபத்தைச் சொல்லுங்கள்."

இது பேச்சுக்காகக் கேட்கும் கேள்வி போலத் தெரியும். ஹசார்ட் என்றால் என்ன, ரிஸ்க் என்றால் என்ன என்று நேராகக் கேட்டால் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால்தான் இப்படிச் சுற்றி வருகிறார்கள். ஓரிக்கைக்காரருக்கு இதற்குப் பதில் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சாயப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிப் பதில்: "சார், எங்கள் பக்கம் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறைகள் உண்டு. சோப்பும் சோடாவும் போட்டு நூலின் பசையை எடுத்தபிறகு, கொதிக்கும் சாயத் தண்ணீரில் நூல் சிட்டங்களைக் கழியில் தொங்கவிட்டு, இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று திருப்பிக்கொண்டே இருப்பார்கள். கொதிக்கும் தண்ணீர் ஹசார்ட். தரை ஈரமாக இருக்கிறது, கொப்பரையின் விளிம்பு முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது, நாள் முழுக்க அதை ஒட்டி நின்றே வேலை. வழுக்கினால் கை முழுவதும் வெந்துபோகும். அப்படி நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்பது இரண்டையும் சேர்த்தால் ரிஸ்க். என் கணக்கில் அது அதிகம்."

இதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். அடுத்து "என்ன செய்வீர்கள்?" என்பார்கள். புதியவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்; வாயைத் திறந்ததும் "கையுறை, பூட்ஸ் கொடுப்பேன்" என்கிறார்கள். கையுறை வரிசையில் கடைசி. ஆபத்தையே எடுத்துவிட முடியுமா, வேறொன்றால் மாற்ற முடியுமா, கட்டுமானத்தால் தடுக்க முடியுமா, வேலைமுறையை மாற்ற முடியுமா, அதெல்லாம் போதாதபோது உடம்பில் என்ன மாட்டலாம் என்ற வரிசையில் பதில் வரவேண்டும்.

"சார், பட்டறையிலேயே சாயம் போடவேண்டுமா, சாயமிட்ட நூலை இயந்திரப் பட்டறையில் வாங்கலாமா என்று முதலில் கேட்பேன். அது முடியாதென்றால், கொப்பரையின் விளிம்பை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்வேன். தரையில் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்குச் சரிவும் வடிகாலும் வேண்டும். விறகுப் புகைக்குக் கூண்டும் புகைபோக்கியும் வேண்டும். அடுத்து, நூலை எடுத்துச்செல்லும் வழியையும் சுடுதண்ணீர் தூக்கும் வழியையும் பிரிப்பேன். சாயப் பொடியை எடைபோடும்போது மூக்குக்கு மாஸ்க்; கொப்பரையில் வேலைசெய்யும்போது ரப்பர் கையுறை, ஏப்ரன், பூட்ஸ். இவை கடைசியில் வருவன."

இந்தப் பதிலில் பாடப்புத்தக வார்த்தை குறைவு. ஆனால் ஐந்து படியும் வரிசை மாறாமல் இருக்கின்றன. கேட்பவர் தலையை ஆட்டுவது அந்த வரிசைக்காகத்தான்.

"கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறங்கவேண்டும். நீங்கள் ட்ரெய்னி. என்ன செய்வீர்கள்?"

இந்த அத்தியாயத்தின் முக்கியமான கேள்வி இதுதான். சாயப்பட்டறை, தோல், உணவு, கார் உதிரிபாகம் என்று எந்த ஆலையானாலும் ஏதோ ஒரு தொட்டி இருக்கும். உள்ளே போனவர் மயங்கி விழுவதும், தூக்கப் போனவரும் அவருக்குப் பின்னால் போனவரும் அடுத்தடுத்து இறப்பதும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் விபத்து. அதனால் இந்தப் பதிலை நான் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு தொட்டியைக் கண்முன்னே வைத்துக்கொள்வோம். சாயக் கழிவு சேரும் தரைக்கடியிலான தொட்டி, 3 மீட்டர் ஆழம், மேலே ஒரே ஒரு மேன்ஹோல், அடியில் ஒரு அடிக்குச் சேறு. சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கும் குளோபர் உப்பு சல்ஃபேட் வகையைச் சேர்ந்தது. காற்றில்லாத சேற்றில் கிருமிகள் அந்தச் சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அது காற்றைவிடக் கனமானது, அடியிலேயே படுத்திருக்கும். சேற்றைக் கிளறினால் ஒரேயடியாகக் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் சுமார் 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குகிறவர் அதிகமான வாயுவுக்குள் இறங்குகிறார். இந்த ஒரு விஷயத்தைப் புதியவர் தானாகச் சொன்னால் நேர்காணலின் போக்கே மாறிவிடும்.

மாதிரிப் பதில்: "சார், முதல் கேள்வி, ஆள் இறங்கியே ஆகவேண்டுமா? மேலிருந்தே ஸ்லட்ஜ் பம்பும் ஜெட் தண்ணீரும் வைத்துச் சேற்றை எடுக்க முடிந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன். செப்டிக் டேங்க், சாக்கடை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. அங்கே பேச்சே இல்லை.

"இறங்கத்தான் வேண்டும் என்றால், பெர்மிட் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. அந்தப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. அதிகாரி கையெழுத்திடுவதற்கு முன் ஒவ்வொன்றும் செய்யப்பட்டிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. தொட்டிக்கு வரும் குழாயின் வால்வை மூடிப் பூட்டியிருக்கவேண்டும். வால்வை நம்ப முடியாவிட்டால் குழாயைக் கழற்றித் தகடு வைத்து அடைக்கவேண்டும். பம்பின் பிரேக்கரை இறக்கி, பூட்டு மாட்டி, அட்டை தொங்கவிட்டிருக்கவேண்டும். சாவி இறங்குகிறவரிடம் இருக்கவேண்டும்.

"பிறகு புளோயர். காற்றுக் குழாயின் வாய் தொட்டியின் அடிவரை போகவேண்டும், இல்லாவிட்டால் மேல்காற்று மட்டும் மாறும். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்துவிடவே கூடாது, தீப்பிடிக்கும். அரைமணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, கேஸ் டிடெக்டரின் குழாயை இறக்கி மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் அளக்கவேண்டும். முதலில் ஆக்ஸிஜன், அடுத்து எரியும் வாயு, அதன்பிறகு நச்சு வாயு. ஆக்ஸிஜன் 19.5க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கவேண்டும். எரியும் வாயு அதன் வெடிப்புக் கீழ் எல்லையில் 10 சதவீதத்துக்குக் குறைவாக, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் குறைவாக இருக்கவேண்டும். சரியாக இருந்தாலும் புளோயரைத் திரும்ப ஓடவிட்டபடியேதான் வேலை. சேற்றைக் கிளறும்போது வாயு வரும் என்பதால் இறங்குகிறவர் சட்டையிலேயே ஒரு டிடெக்டர் இருக்கவேண்டும்.

"உள்ளே போகும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படக்கூடாது. இறங்குகிறவர் உடலில் முழு ஹார்னெஸ், அதிலிருந்து மேலே முக்காலியில் மாட்டிய வின்ச்சுக்குக் கயிறு. மேன்ஹோல் பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட்பை ஆள், வேறெந்த வேலையும் இல்லாமல். அவர் ஒரு நிமிடம்கூட நகரக்கூடாது. யார் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று ஒரு நோட்டில் எழுதவேண்டும். ஷிப்ட் முடிந்தால் பெர்மிட்டும் முடிந்தது."

இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லவேண்டாம். 'இறங்கவேண்டுமா' என்ற கேள்வியில் ஆரம்பித்து, அடைத்தல், காற்று, அளவு, ஆள் என்ற வரிசையில் நிதானமாகப் போங்கள். நடுவில் அவர்கள் குறுக்கிட்டு ஒரு எண்ணைக் கேட்பார்கள், அதற்குத்தான் 19.5, 10 இரண்டும் நினைவில் இருக்கவேண்டும்.

அவர்களின் மறுகேள்வி ஏறக்குறைய நிச்சயம் இதுவாகத்தான் இருக்கும்: "உள்ளே இருப்பவர் மயங்கிவிட்டார். நீங்கள் மேலே நிற்கிறீர்கள். என்ன?"

நல்ல மனசுள்ள பிள்ளைகள் "உடனே இறங்கித் தூக்குவேன்" என்கிறார்கள். பாதுகாப்பு வேலைக்கு அது தவறான பதில், ஏனென்றால் அப்படித்தான் இரண்டாவது உயிர் போகிறது. "சார், நான் இறங்கமாட்டேன். யாரையும் இறங்கவிடமாட்டேன். ஸ்டாண்ட்பை ஆள் வின்ச்சைச் சுற்றி ஹார்னெஸோடு அவரை மேலே இழுப்பார், அதற்காகத்தான் கயிறு. நான் புளோயர் ஓடுகிறதா என்று பார்ப்பேன், எமர்ஜென்சி எண்ணுக்கும் 108க்கும் சொல்வேன், கூட்டத்தைத் தள்ளிநிறுத்துவேன். கயிற்றால் இழுக்க முடியவில்லை என்றால், தனிக்காற்று சிலிண்டர் மாட்டிப் பயிற்சி பெற்ற ரெஸ்க்யூ ஆட்கள் மட்டும் இறங்குவார்கள். முகத்தில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அங்கே பயன்படாது. அது வாயுவை வடிகட்டும், இல்லாத ஆக்ஸிஜனைக் கொடுக்காது." கார்ட்ரிட்ஜ் பற்றிய கடைசி வரி உங்களைப் படித்தவராக மட்டுமல்ல, யோசித்தவராகவும் காட்டும்.

"புரொடக்ஷன் மேனேஜர் அவசரப்படுகிறார். அளவெடுக்க நேரமில்லை, ஆளை இறக்கு என்கிறார். நீங்கள் ட்ரெய்னி, அவர் சீனியர்."

இதில் இரண்டு முனையும் ஆபத்து. "நான் வேலையை நிறுத்திவிடுவேன்" என்று முரட்டுத்தனமாகச் சொன்னால், எல்லோரோடும் சண்டை போடுகிறவர் என்று நினைப்பார்கள். "அவர் சொன்னபடி செய்வேன்" என்றால் கதை முடிந்தது. சேஃப்டி ஆபீசரின் வேலை ஆலோசனை சொல்வது. பொறுப்பு ஆலை நடத்துபவர்மேலும் அந்தந்தப் பிரிவின் மேலாளர்மேலும் இருக்கிறது. அதை மனதில் வைத்து இப்படிச் சொல்லலாம்:

"சார், அளவெடுக்க எவ்வளவு நேரமாகும் என்று அவரிடம் சொல்வேன். புளோயரோடு சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அந்த நேரத்தில் வேறு என்ன வேலை பார்க்கலாம் என்றும் கேட்பேன். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், டிடெக்டர் ரீடிங் இல்லாத பெர்மிட் செல்லாது, அதை நான் சரிபார்த்ததாக எழுதமாட்டேன் என்று மரியாதையாகச் சொல்வேன். அங்கிருந்தே என் சேஃப்டி மேனேஜருக்குப் போன் செய்வேன். அவர் வரும்வரை நான் மேன்ஹோலைவிட்டு நகரமாட்டேன். இறங்கும் தொழிலாளியிடமும் ஏன் காத்திருக்கிறோம் என்று சொல்வேன்."

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். தொழிலாளிக்குத் தெரியாமல் மேலே நடக்கும் பேச்சு அவரைக் காப்பாற்றாது. சில நிறுவனங்களில் இதை ஒட்டி உடனே, "அந்தத் தொழிலாளியிடம் சொல்லிக் காட்டுங்கள்" என்பார்கள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தாலும் இந்த இடத்தில் தமிழுக்கு மாறச் சொல்வார்கள், ஏனென்றால் வட்டாரத் தொழிலாளரின் மொழி தெரிந்திருப்பது பதவியின் தகுதியிலேயே சேர்ந்தது. "அண்ணே, உள்ள காத்து எப்படி இருக்குன்னு மெஷின் வச்சுப் பாத்துட்டு இறங்குவோம். நாத்தம் இல்லன்னா ஆபத்து இல்லன்னு அர்த்தம் இல்ல. நான் கைகாட்டாம கால வைக்காதீங்க" என்று மூன்று வாக்கியத்தில் சொன்னால் போதும். அதற்குமேல் போனால் அது வகுப்பாகிவிடும். ஒரகடம் ஆலைகளில் வடமாநிலத் தொழிலாளர் அதிகம் என்பதால், இதே மூன்று வாக்கியத்தை எளிய இந்தியில் சொல்லப் பழகியிருந்தால் கூடுதல் நன்மை.

"ஃப்ரீக்வென்ஸி ரேட் கணக்கிடுங்கள்."

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கணக்குத்தான். 300 பேர், நாளுக்கு 8 மணி, மாதம் 25 நாள், 12 மாதம் என்றால் மொத்தம் 7,20,000 மனித மணி. வேலைக்கு வரமுடியாமல் போன காயங்கள் 3, அதனால் இழந்த நாட்கள் 36. காயங்களை 10 லட்சத்தால் பெருக்கி மணியால் வகுத்தால் ஃப்ரீக்வென்ஸி ரேட் 4.17. இழந்த நாட்களை அதேபோல் செய்தால் சிவியாரிட்டி ரேட் 50. ஒரு எச்சரிக்கை: இந்தியத் தரநிலை 10 லட்சம் மணியை அடிப்படையாக வைக்கிறது, அமெரிக்க முறையைப் பின்பற்றும் நிறுவனங்கள் 2 லட்சத்தை வைக்கின்றன. அப்படிப் போட்டால் அதே 3 காயம் 0.83 ஆகிவிடும். எண்ணைச் சொல்லும் முன் "எந்த அடிப்படையில் சார்?" என்று கேளுங்கள்.

இதன் தொடர்ச்சியாக, "எங்கள் ஆலையில் ஒரு வருடமாக ஒரு காயமும் இல்லை, என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். பாராட்டிவிட்டு நிற்கவேண்டாம். "நல்ல விஷயம் சார். அந்த வருடத்தில் எத்தனை நியர் மிஸ் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுவேன். அதுவும் பூஜ்யம் என்றால், தொழிலாளர்கள் சொல்லப் பயப்படுகிறார்களா என்று விசாரிப்பேன்" என்று சொல்லலாம்.

"குருவிமலை விபத்தைப் பற்றித் தெரியுமா?"

காஞ்சிபுரத்துக்காரர் என்று தெரிந்தால் இது வரலாம். 2023 மார்ச் 22 அன்று பக்கத்துக் குருவிமலையில் பட்டாசுத் தொழிற்கூடம் வெடித்துப் பல தொழிலாளர் இறந்தார்கள். இங்கே காரணத்தை அளந்துவிடாதீர்கள். "சார், விசாரணை அறிக்கையை நான் படிக்கவில்லை, அதனால் காரணம் சொல்லமாட்டேன். வெடிபொருள் வேலையில் பொதுவாக மூன்றைப் பார்ப்பேன்: ஒரு அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை ஆள், அடுத்த கட்டடம் எவ்வளவு தூரத்தில்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். விபத்து ஆய்வு என்பது யாரைக் குற்றம் சொல்வது என்பதல்ல என்று உங்களுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

"ஆள் குறைவாக இருக்கும் நாளில் லைனில் நின்று உற்பத்தி வேலையும் பார்ப்பீர்களா?"

"வேலை கற்றுக்கொள்ள லைனில் நிற்பேன் சார், அது எனக்கு நல்லது. ஆனால் அதற்காக என் ரவுண்ட்ஸும் பெர்மிட் சரிபார்ப்பும் நின்றால் அதைச் சொல்வேன்" என்பது பொருத்தமான பதில். சேஃப்டி ஆபீசரை அவர் கடமைக்குச் சம்பந்தமில்லாத வேலையில் போடக்கூடாது என்று விதிகளிலேயே இருக்கிறது. ட்ரெய்னிக்கு அது அப்படியே பொருந்தாது என்றாலும், தெரிந்து வைத்திருப்பது நல்லது. சம்பளம், ஷிப்ட், தங்குமிடம் பற்றிய கேள்விகளுக்கு உள்ளதைச் சொன்னால் போதும்.

"எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமா?"

இதற்கு "இல்லை சார்" என்று எழுந்துவிடாதீர்கள். கேட்கத் தகுந்தவை இரண்டு. இங்கே பெர்மிட்டில் யார் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு ட்ரெய்னி ஆபத்தான வேலையை நிறுத்தச் சொன்னால், மேலாளர் வந்து முடிவெடுக்கும்வரை அது நிற்குமா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அந்த ஆலையில் சேரும் முன் அங்கே வேலைசெய்யும் யாரையாவது கண்டுபிடித்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.